பத்து நாள் தாண்டியும் போகாத சைனஸ் சளி: ஆன்டிபயாடிக் எப்போது, உப்புநீரில் மூக்கு கழுவுவது எப்படி

காது மூக்கு தொண்டைப் பிரிவு புறநோயாளிகள் பகுதியில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். மழைக்காலம் வந்தால் இரண்டு விதமான ஆட்களைத் தினமும் பார்ப்பேன். ஒருவர் சளி பிடித்த நான்காம் நாளே வந்து "பச்சையா வருது, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்க" என்பார். இன்னொருவர் இருபதாம் நாள் வருவார், அதற்குள் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மூன்று விதமான மாத்திரை உள்ளே போயிருக்கும், எதையும் முழுசாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். இருவரிடமும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்தத் தேதியில் ஆரம்பித்தது? பெரும்பாலும் பதில் வராது.

இங்கே எழுதியிருப்பது பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைகளுக்கு மருந்தளவும் வேறு, கழுவும் முறையும் வேறு. போன வருடம் ஐப்பசியில் என் சித்தி மகளுக்கு வந்ததை உதாரணமாக வைத்துச் சொல்கிறேன். அவள் பள்ளி ஆசிரியை, வயது 36, சர்க்கரை கிடையாது, வேறு நோயும் இல்லை.

1. வேறு எதையும் செய்யும் முன் கண்ணையும் நெற்றியையும் பாருங்கள்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், கீழே வரும் அறிகுறிகளில் ஒன்று இருந்தால்கூட மூக்கு கழுவுவது, நாள் எண்ணுவது எதுவும் பொருந்தாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

கண்ணைச் சுற்றி வீக்கம் அல்லது சிவப்பு, பார்வை மங்குவது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிவது, கண்ணை அசைத்தால் வலி. நெற்றியில் மெத்தென்ற வீக்கம். இதுவரை வராத மாதிரி கடுமையான தலைவலி, கழுத்து விறைப்பு, பேச்சில் குழப்பம், அரைமயக்கம். சைனஸ் அறைக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது காகிதம் போல மெல்லிய எலும்பு. கிருமி அதைத் தாண்டினால் அதன்பிறகு கணக்கு மணிநேரத்தில்தான்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள், கீமோ எடுப்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் மரத்துப்போவது, மூக்கிலிருந்து கருப்பாகப் பொருக்கு வருவது, மேல் அண்ணம் கருத்திருப்பது. 2021இல் கொரோனா இரண்டாம் அலைக்குப் பின்னால் நாடு முழுக்கப் பார்த்த கருப்புப் பூஞ்சை இப்படித்தான் தொடங்கும். பத்து நாள் ஆகட்டும் என்று இவர்கள் காத்திருக்கவே கூடாது.

2. நாளை எண்ணுங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள்

தொண்டை கரகரத்த அன்றே முதல் நாள். மூக்கு அடைத்த நாளோ காய்ச்சல் வந்த நாளோ இல்லை. இதைக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டு வைத்துவிடுங்கள், பின்னால் டாக்டர் எடுக்கும் முடிவில் பாதி இந்தத் தேதியை வைத்துத்தான்.

சாதாரண வைரஸ் சளியே சைனஸ் அறைகளையும் சேர்த்து வீங்க வைக்கும். கன்னம் கனக்கும், தலை பாரமாக இருக்கும், மூன்றாம் நான்காம் நாளில் சளி மஞ்சளாகி அப்புறம் பச்சையாகும். அந்தப் பச்சை நம் வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். அவை வைரஸை எதிர்த்து வந்தாலும் பச்சைதான், பாக்டீரியாவை எதிர்த்து வந்தாலும் பச்சைதான். அதனால் நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் தேவையா என்று யாராலும் சொல்ல முடியாது. வைரஸ் சளி பிடித்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு மேல் பாக்டீரியா சைனஸ் தொற்றாக மாறுவதில்லை.

அந்த இரண்டு பேரைப் பிரித்துப் பார்க்க டாக்டர்கள் மூன்று வழிகளைப் பார்க்கிறார்கள். ஒன்று, பத்து நாள் முழுசாகப் போயும் துளிகூடக் குறையாமல் அப்படியே இருப்பது. இரண்டு, ஐந்தாறு நாளில் குறைந்து வந்து, "சரியாகிவிட்டது" என்று நினைத்த நேரத்தில் மறுபடி காய்ச்சல், முகவலி, கெட்டியான சளி என்று முன்னைவிட மோசமாவது. மூன்று, ஆரம்பத்திலேயே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் முகவலியும் சேர்ந்து மூன்று நான்கு நாள் விடாமல் இருப்பது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பத்து நாள் என்பது "பத்தாம் நாளும் சளி இருக்கிறது" என்பதில்லை. பன்னிரண்டாம் நாளும் மூக்கு ஒழுகலாம், ஆனால் ஆறாம் நாளைவிடப் பாதியாகக் குறைந்திருந்தால் அது போய்க்கொண்டிருக்கும் சளி. எனவே தினமும் ராத்திரி படுக்கும் முன் அடைப்பு, முகவலி, தூக்கம் மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண் எழுதி வையுங்கள். சித்தி மகளை அப்படி எழுதச் சொன்னேன். ஐந்தாம் நாள் முகவலி 6, எட்டாம் நாள் 6, பதினோராம் நாளும் 6. அவள் டாக்டரிடம் போக அந்த நேர்கோடுதான் காரணம், பச்சைச் சளி இல்லை.

3. கழுவத் தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பும் பின்பும், மாத்திரை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மூக்கு கழுவுவதைத் தொடங்கலாம். முதலில் அதனால் என்ன முடியும், என்ன முடியாது என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

உப்புநீர் கிருமியைக் கொல்லாது. வீங்கிப்போன சைனஸ் அறைக்குள் பெரிதாக நுழைவதும் இல்லை, அந்த அறைகளின் வாசலே சில மில்லிமீட்டர்தான். அது செய்வது வாசலுக்கு வெளியே நடக்கிறது. மூக்குப் பாதையில் பசைபோல ஒட்டியிருக்கும் சளியை இளக்கி எடுத்துவிடும், வீக்கத்தைத் தூண்டும் கழிவையும் சேர்த்துக் கழுவும், சளியைத் தள்ளும் நுண்ணிய மயிர்களுக்கு மறுபடி வேலை செய்ய இடம் கிடைக்கும். வாசல் திறந்தால் உள்ளே தேங்கியது தானாக வடியும். திடீர்ச் சைனஸ் தொற்றில் இதன் பலன் மிதமானதுதான்: அடைப்பு குறையும், தூக்கம் வரும், அடுத்து அடிக்கும் ஸ்பிரே சுவரில் படும். மாதக்கணக்கில் நீடிக்கும் நாள்பட்ட சைனஸில் பலன் இன்னும் தெளிவாக இருக்கிறது.

தேவையானவை: மூக்கு கழுவும் அழுத்து பாட்டில் (240 மில்லி பிடிப்பது, மெடிக்கலில் கிடைக்கும்), மூடியோடு ஒரு எவர்சில்வர் பாத்திரம், அளவு டீஸ்பூன், உப்பு, ஆப்பசோடா. ஜல நேதிக்கு மூக்கில் நீர் ஊற்றும் நேதிக் குவளை வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம், ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு பாட்டில் சுலபம், தலையை அதிகம் சாய்க்க வேண்டியதில்லை. ஊசி போடாத சிரிஞ்சில் பீய்ச்சுவதைப் பார்த்திருக்கிறேன். அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்காது, காதுக்குள் ஏறிவிடும், வேண்டாம்.

4. தண்ணீர்: இந்த ஒரு படியில் சமரசம் கிடையாது

குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவாக இருந்தாலும் கொதிக்க வைத்து ஆற வைத்ததுதான் மூக்குக்குள் போக வேண்டும். "குடிக்கிற தண்ணிதானே" என்று எல்லோரும் கேட்பார்கள். குடித்தால் வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். மூக்கின் உச்சியில் அந்த அமிலம் கிடையாது, அங்கிருந்து வாசனை நரம்பு வழியாக நேரே மூளைக்குப் பாதை இருக்கிறது.

நெக்லேரியா ஃபவுலெரி என்ற அமீபா அந்த வழியாகத்தான் போகும். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரில் மூக்கு கழுவிய இரண்டு பேர் இதனால் இறந்தார்கள். கேரளத்தில் 2024இலும் 2025இலும் அமீபா மூளைக்காய்ச்சல் மரணங்கள் வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மிக அரிதான நோய்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அரிது, தடுப்பதற்கோ அடுப்பில் சில நிமிடம் போதும்.

தளதளவென்று கொதி வந்த பிறகு 1 நிமிடம் முழுசாகக் கொதிக்க விடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி உயரமான இடங்களில் 3 நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். மூடி போட்டபடியே ஆற விடுங்கள். சுடுதண்ணீர் அதிகச் சூடாகிவிட்டது என்று அதில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவினால் செய்தது எல்லாம் வீண். இந்தத் தவறை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்கிறேன், அதுவும் நன்றாகக் கொதிக்க வைத்தவர்களிடமே.

5. உப்புக் கரைசல்

அரை லிட்டர் ஆறிய தண்ணீருக்குத் தலைதட்டிய முக்கால் டீஸ்பூன் தூள் உப்பு, இரண்டு சிட்டிகை ஆப்பசோடா. முக்கால் டீஸ்பூன் ஏறக்குறைய 4.5 கிராம், அதாவது லிட்டருக்கு 9 கிராம், நம் உடம்பு நீரின் உப்பளவுக்குப் பக்கம். அந்த அளவு இருப்பதால்தான் எரியாது. வெறும் தண்ணீரை மூக்கில் ஏற்றினால் சுர்ரென்று நெற்றிவரை எரிவது குளத்தில் குதித்த எல்லோருக்கும் தெரியும், உப்பு குறைந்தாலும் அதே எரிச்சல், கூடினாலும் எரிச்சல்.

ஆப்பசோடா சேர்ப்பது கரைசல் உறுத்தாமல் இருக்க. பேக்கிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள், அது வேறு. கல் உப்பு, இந்துப்பு வேண்டாம்: கல்லின் அளவு மாறுவதால் ஸ்பூன் கணக்கு தப்பிவிடும், கல் உப்பில் மண்ணும் அடியில் தங்கும். அயோடின் இல்லாத சுத்தமான உப்பு நல்லது, ஆனால் நம் கடைகளில் சாப்பாட்டுக்கு விற்பது பெரும்பாலும் அயோடின் கலந்ததுதான், சிலருக்கு அது மூக்கில் உறுத்தும். அப்படி உறுத்தினால் பாட்டிலோடு விற்கும் ரெடிமேட் உப்புப் பொட்டலத்தை வாங்குங்கள், ஒரு பொட்டலத்துக்கு எத்தனை மில்லி என்று அதன் மேலேயே போட்டிருக்கும்.

கரைசலை மூடி வைத்து ஒரே நாளில் தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்குப் புதிதாகச் செய்யுங்கள். கழுவும்போது வெதுவெதுப்பாக இருக்கட்டும், மணிக்கட்டின் உள்பக்கம் இரண்டு சொட்டு விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. குழந்தைக்குப் பால் பார்ப்பது மாதிரிதான்.

6. கழுவும் வரிசை

கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். மூக்கை மெதுவாகச் சிந்துங்கள். இரண்டு பக்கமும் காற்றே போகாத அளவு அடைத்திருந்தால் இப்போது கழுவாதீர்கள், போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் காதுக்குப் போகும். முதலில் வெந்நீரில் குளித்துவிட்டு வந்து கொஞ்சம் திறந்ததும் கழுவலாம்.

வாஷ்பேசின் முன் இடுப்பை வளைத்துக் குனியுங்கள், முகம் கீழே பேசினைப் பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்த்தபடி ஊற்றினால் எல்லாம் தொண்டைக்குள் இறங்கிப் புரையேறும், முதல் நாள் பயந்து விட்டுவிடுபவர்கள் பெரும்பாலும் இப்படிச் செய்தவர்கள். வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விடுங்கள், "ஆ" என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தால் இன்னும் நல்லது, அண்ணம் மேலே ஏறித் தொண்டைப் பக்கத்தை மூடிக்கொள்ளும். நடுவில் எச்சில் விழுங்கக் கூடாது, விழுங்கும் நொடியில்தான் காதுக்குப் போகும் குழாய் திறக்கிறது.

பாட்டில் நுனியை ஒரு மூக்குத் துவாரத்தில் இறுக்கமாகப் பொருத்தி, நுனி நேராகவோ சற்று வெளிப்பக்கமாகவோ இருக்கும்படி வைத்து, மெதுவாக அழுத்துங்கள். டூத்பேஸ்ட் பிதுக்கும் அளவு அழுத்தம் போதும். பாதி பாட்டில், அதாவது 120 மில்லி, மறு துவாரம் வழியாக வடிய வேண்டும். முதல் நாள் அதில் பாதி போனால்கூடப் போதும். அப்புறம் மெதுவாகச் சிந்திவிட்டு அடுத்த பக்கம்.

முடிந்ததும் குனிந்தபடியே தலையை இடம் வலமாக மெதுவாகத் திருப்புங்கள், தேங்கிய தண்ணீர் வடியும். இரண்டு துவாரமும் திறந்திருக்கச் சிந்துங்கள், ஒன்றை விரலால் அடைத்துக்கொண்டு பலமாகச் சிந்தினால் சளி காதுப் பக்கமும் சைனஸ் பக்கமும் திரும்ப ஏறும். சித்தி மகள் இந்த வடிக்கும் படியை விட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள். பரீட்சைத் தாள் திருத்தக் குனிந்த நேரத்தில் மூக்கிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் தாளில் கொட்டி மதிப்பெண் எல்லாம் நீலமாகக் கரைந்துவிட்டது. பயந்துபோய் எனக்கு போன் செய்தாள். அது உள்ளே தங்கியிருந்த உப்புநீர், ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் கழுவிய உடனே படுத்தால் அதே நீர் தொண்டையில் இறங்கி ராத்திரி முழுக்க இருமல் வரும். அதனால் படுக்கைக்கு ஒரு மணிநேரம் முன்பே கழுவி முடித்துவிடுங்கள்.

காலை ஒன்று, மாலை ஒன்று போதும். கழுவிய பிறகு பாட்டிலைச் சோப்பும் கொதித்து ஆறிய தண்ணீரும் கொண்டு கழுவி, மூடியைக் கழற்றிக் கவிழ்த்துக் காய விடுங்கள். பாத்ரூம் ஈரத்தில் மூடி வைத்த பாட்டிலில் கிருமி வளரும். ஒருவர் பாட்டிலை இன்னொருவர் தொடக்கூடாது, மூன்று மாதத்தில் மாற்றிவிடுங்கள்.

காதுவலி இருப்பவர்கள், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருபவர்கள், சமீபத்தில் மூக்கில் ஆபரேஷன் செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் கழுவ வேண்டாம். ஒவ்வொரு தடவையும் காது அடைத்துக்கொண்டால் அழுத்தம் கூடுகிறது என்று அர்த்தம், குறைத்துப் பாருங்கள், அப்படியும் அடைத்தால் நிறுத்துங்கள்.

7. கழுவிய பிறகு போடுவது, போடக் கூடாதது

டாக்டர் ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் மாதிரி மூக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதியிருந்தால் கழுவிப் பத்து நிமிடம் கழித்து அடியுங்கள். முன்னால் அடித்துவிட்டுக் கழுவினால் காசு பேசினில் போகிறது. வலது கையால் இடது மூக்குக்கும் இடது கையால் வலது மூக்குக்கும் அடித்தால் ஸ்பிரே தானாக வெளிச்சுவர் பக்கம் போகும், நடுத்தண்டில் பட்டுக்கொண்டே இருந்தால் ரத்தம் கசியும். இது வேலை செய்ய நாட்கள் ஆகும், அடித்தவுடன் மூக்கு திறக்கவில்லை என்று நிறுத்தாதீர்கள்.

அடித்தவுடன் திறப்பது ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டு மருந்துகள். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள், அதற்கு மேல் கூடாது. தொடர்ந்து விட்டால் மருந்து இறங்கும் ஒவ்வொரு தடவையும் முன்னைவிட அதிகமாக அடைக்கும், பிறகு அந்தச் சொட்டு இல்லாமல் தூங்க முடியாது. வருடக்கணக்கில் தலையணைக்கு அடியில் இந்த பாட்டிலை வைத்துத் தூங்குபவர்களை எனக்குத் தெரியும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே வேண்டாம்.

செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை, அலர்ஜி இல்லாதவருக்கு இந்த நேரத்தில் உதவாது, சளியைக் காய வைத்து இன்னும் கெட்டியாக்கும். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது பற்றிக் கேட்பீர்கள். கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், அவ்வளவுதான், நோயை அது சீக்கிரம் ஆற்றுவதாகத் தெரியவில்லை. கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து வருபவர்களைப் பார்த்த பிறகு நான் வீட்டில் அதை விட்டுவிட்டேன். வலிக்கு பாராசிட்டமால் 650, ஆறு மணிநேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் போகாமல். கல்லீரல் நோய் உள்ளவர்கள் கேட்டுச் சாப்பிடுங்கள்.

8. டாக்டரிடம் போகும்போது

மதிப்பெண் எழுதிய தாள், முதல் நாள் தேதி, காய்ச்சல் அளவு, ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டை, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதா என்பது. இவ்வளவும் கையில் இருந்தால் ஐந்து நிமிடப் பேச்சில் முடிவு கிடைக்கும். எக்ஸ்ரே எடுக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். சாதாரண வைரஸ் சளியிலும் சைனஸ் அறை எக்ஸ்ரேயில் மங்கலாகத் தெரியும், வைரஸா பாக்டீரியாவா என்று அது பிரித்துக் காட்டாது. சிக்கல் வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோதான் சி.டி. ஸ்கேன்.

பத்து நாள் தாண்டி, பாக்டீரியாவாக இருக்கலாம் என்ற நிலையிலும் எல்லோருக்கும் மாத்திரை கட்டாயமில்லை. இது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கிறது. திடீர்ச் சைனஸ் தொற்று என்று டாக்டர்கள் கணித்தவர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையில், ஆன்டிபயாடிக் சாப்பிடாதவர்களிலேயே 100க்கு 46 பேர் ஒரு வாரத்திலும் 64 பேர் இரண்டு வாரத்திலும் குணமானார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தால் கூடுதலாக 5 முதல் 11 பேர் சீக்கிரம் குணமானார்கள், அதே சமயம் கூடுதலாக 13 பேருக்கு வயிற்றுப்போக்கு போன்ற பக்கவிளைவு வந்தது. அதாவது மருந்து உதவுகிறது, ஆனால் நாம் நினைக்கும் அளவு இல்லை, அதற்கு விலையும் உண்டு.

அதனால் உடம்பு நன்றாக இருக்கும் பெரியவருக்கு, காய்ச்சல் கடுமையாக இல்லை, திரும்ப வந்து காட்ட முடியும் என்றால், டாக்டர் சில நாள் காத்திருக்கச் சொல்லலாம். சித்தி மகளுக்கு அதுதான் நடந்தது. பன்னிரண்டாம் நாள் பார்த்த டாக்டர் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, "இன்னும் அஞ்சு நாள் மூக்கு கழுவுங்க, ஸ்பிரே அடிங்க. குறைஞ்சா இந்த மாத்திரை வேண்டாம். நடுவுல கூடினா அன்னைக்கே ஆரம்பிச்சிட்டு எனக்கு போன் பண்ணுங்க" என்றார். வெளியே வந்ததும் அவள் என்னிடம், "அக்கா, சரியாப் பார்க்கலையோ?" என்று கேட்டாள். நன்றாகப் பார்த்ததால்தான் அப்படிச் சொன்னார்.

காத்திருக்காமல் உடனே தொடங்க வேண்டியவர்களும் உண்டு: இரண்டாம் பிரிவில் சொன்ன மூன்றாவது வகை, அதாவது ஆரம்பத்திலேயே அதிகக் காய்ச்சலும் முகவலியும் உள்ளவர்கள், குறைந்து மறுபடி நன்றாக மோசமானவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள். அந்த முடிவு டாக்டருடையது.

9. மாத்திரை தொடங்கினால்

பதினான்காம் நாள் அவளுக்கு அடைப்பு 7இலிருந்து 4க்கு வந்திருந்தது, ராத்திரி தூங்கினாள். ஆனால் வலது கன்னவலி 8 ஆனது, குனிந்தால் மேல்தாடைப் பல்வரிசையே தெறிக்கிறது என்றாள், சாயந்திரம் காய்ச்சல் 101. கழுவியதில் பாதை திறந்தது, அறைக்குள் இருந்தது அடங்கவில்லை. அன்றே தொடங்கினாள்.

வழக்கமான முதல் மருந்து அமாக்சிசிலின், அல்லது அதோடு கிளாவுலனேட் சேர்ந்தது. இங்கே "625" என்று சொல்லிக் கேட்பது அந்தச் சேர்க்கைதான். டாக்டர் எழுதிய வேளைக்கு, சாப்பாட்டின் தொடக்கத்தில் போட்டால் வயிறு அவ்வளவாகக் கலங்காது. பொதுவாக 5 முதல் 7 நாள் எழுதுவார்கள், பத்து நாள்வரை போவதும் உண்டு. பென்சிலின் ஆகாதவர்களுக்கு டாக்சிசைக்ளின் போன்ற வேறு மருந்து இருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு அது கூடாது.

மெடிக்கலில் கேட்டால் கைக்கு வருவது மூன்று நாள் அசித்ரோமைசின். சைனஸ் தொற்றுக்கு முதல் மருந்தாக அதை எழுத வேண்டாம் என்பதே இப்போதைய வழிகாட்டுதல், காரணம் இந்த நோயை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமி பல இடங்களில் அதற்கு அடங்குவதில்லை. போன மழைக்கு மிச்சமான நான்கு மாத்திரை, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை, இவை எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

மூன்றாம் நாள் முடிவில் வலியும் காய்ச்சலும் இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். அவளுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் இல்லை, கன்னவலி 4. சளி அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது, அது ஒரு வாரம் பின்தங்கித்தான் நிற்கும், மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. வலியும் காய்ச்சலும் துளிகூட இறங்கவில்லை என்றால் மாத்திரையைத் தானாக மாற்றாமல் திரும்ப டாக்டரிடம் போங்கள், மருந்து மாறலாம், அல்லது நோயே வேறாக இருக்கலாம். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்கு. கழுவுவதை மட்டும் நிறுத்தாதீர்கள், மாத்திரை முடிந்தும் ஒரு வாரம் தொடருங்கள்.

10. எல்லாம் செய்தும் போகாவிட்டால்

ஒரே பக்கம் மட்டும் மூக்கு ஒழுகி, அழுகிய வாடை அடித்தால் முதலில் பல் டாக்டரைப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கன்ன சைனஸின் அடித்தளத்தில் முட்டிக்கொண்டிருக்கும், சொத்தைப் பல்லின் சீழ் நேரே அங்கே போகும். பல்லைச் சரிசெய்யாமல் எத்தனை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் இரண்டு வாரத்தில் திரும்ப வரும்.

பன்னிரண்டு வாரம் தாண்டினால் அது நாள்பட்ட சைனஸ், வருடத்தில் நான்கு தடவை வந்தால் திரும்பத் திரும்ப வரும் வகை. இரண்டுக்கும் ஸ்கேன், அலர்ஜி சோதனை, மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது என்று வேறு வழி இருக்கிறது. சித்தி மகளுக்கு அங்கே போக வேண்டியிருக்கவில்லை. இருபத்து மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து போன் செய்தாள், பெருங்காயம் பொரியும் வாசனை மூக்குக்குத் தெரிகிறதாம்.